கம்பி வலைக்குப் பின்னால் இருந்த முதலை: படத்திலிருந்து வலையை எடுப்பது பற்றிக் கேட்டவையும் பதில்களும்

தர்மபுரியில் கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒகேனக்கல் முதலைப் பண்ணைக்குப் போய்விடுவேன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் முதலையை வைத்துச் சொன்னதுதான், ஆனால் மானோ மயிலோ கம்பிக்குப் பின்னால் நின்றாலும் வேலை பெரும்பாலும் இதேதான்.

அண்ணா, முதலை போட்டோ எடுத்தேன், மூஞ்சி மேலயே கம்பி. எடுத்துடலாமா?

எடுக்கலாம். ஆனால் முதலில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கம்பி எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் கம்பி இரண்டு விதமாக விழும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, ஓரம் தெளிவாக, கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோட்டுக்குள் முதலை இல்லவே இல்லை, கேமராவுக்கு அங்கே கிடைத்தது கம்பி மட்டும்தான். இன்னொன்று, கம்பி கரைந்து அகலமான பட்டையாகி, அந்த இடம் கொஞ்சம் வெளிறியோ கருத்தோ இருக்கும். உற்றுப் பார்த்தால் பட்டைக்குள்ளேயே செதில்கள் மங்கலாகத் தெரியும். அங்கே முதலை இருக்கிறது, மேலே ஒரு மெல்லிய திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான். திரை விழுந்த இடத்தையும் கம்பி என்று நினைத்து குளோன் கருவியால் அழித்து, நன்றாக இருந்த செதிலைத் தூக்கிவிட்டுப் பக்கத்துச் செதிலை ஒட்டிவிடுகிறார்கள். திரையை விலக்கினால் போதும். இல்லாததற்கு மட்டும்தான் வேறு இடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும்.

போன்ல எடுத்தா கம்பி கத்தி மாதிரி விழுது, உங்க கேமராவுல மட்டும் எப்படிக் காணாமப் போகுது?

லென்ஸ் வழியாக வெளிச்சம் நுழையும் வட்டத்தின் அகலம்தான் காரணம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் வரும். 200 மி.மீ. லென்ஸில் எஃப் 4 வைத்தால் வட்டம் 50 மி.மீ. வலைக் கம்பி 3 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். முதலையின் ஒரு செதிலிலிருந்து வரும் வெளிச்சம் அந்த 50 மி.மீ. வட்டம் முழுக்கப் பரவி நுழைகிறது, நடுவில் குறுக்கே நிற்கும் கம்பி மறைப்பது கணக்குப் போட்டால் எட்டு சதவீதம்தான். மீதி தொண்ணூற்றிரண்டு கம்பியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

போனில் அந்த வட்டமே சுமார் 3 மி.மீ. தான். கம்பியும் 3 மி.மீ. அப்புறம் எங்கே சுற்றிக்கொண்டு வருவது? மொத்தமாக மறைத்துவிடும்.

ஆனால் போனுக்கு ஒரு வசதி உண்டு. வலையின் கண் சாதாரணமாக 5 செ.மீ. இருக்கும், போன் லென்ஸ் அதைவிடச் சின்னது, அதனால் வலையை ஒட்டி, கண்ணுக்கு நேராக லென்ஸை வைத்தாலே கம்பி படத்துக்குள் வராது. நேராக வைக்கச் சொன்னேன், உள்ளே நீட்டச் சொல்லவில்லை. வலைக்கு முன்னால் தடுப்பு போட்டிருந்தால் அதைத் தாண்டவே தாண்டாதீர்கள், கல் மாதிரிக் கிடக்கிற முதலை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பப் போகலாம்னு இருக்கேன். எப்படி எடுத்தா அப்புறம் கம்ப்யூட்டர்ல வேலை கம்மி?

ஒரு படம் எடுக்காதீர்கள், ஐந்து எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி. வெயில் காய்கிற முதலை வாயைப் பிளந்துகொண்டு நிமிடக் கணக்கில் அசையாமல் கிடக்கும், குரங்கிடம் இந்த வேலை நடக்காது. ஒரு படத்தில் கம்பி மறைத்த இடம் அடுத்த படத்தில் திறந்து கிடக்கும். இல்லாததை ஊகித்து வரைவதைவிட, அதே முதலையின் அதே செதிலை அடுத்த படத்திலிருந்து எடுத்து வைப்பது நூறு மடங்கு மேல்.

எவ்வளவு நகர்த்துவது என்றால் 1 செ.மீ. போதும். நீங்கள் வலையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 செ.மீ. தள்ளி நிற்கிறீர்கள், முதலை 6 மீட்டரில் கிடக்கிறது என்று வையுங்கள். லென்ஸை 1 செ.மீ. நகர்த்தினால் கம்பியின் கோடு முதலை மேல் ஏறக்குறைய 19 செ.மீ. தள்ளிப் போய்விழும். அந்தக் கம்பி முதலை மேல் மறைக்கும் அகலமோ 6 செ.மீ. தான். ஆக, மறைந்த இடம் தாராளமாகத் திறந்துவிடும். போனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பெரிய லென்ஸ் என்றால் பட்டை அகலமாக இருக்கும், அதனால் கூடக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.

இரண்டு விஷயம் மறந்துவிடாதீர்கள். வைர வடிவக் கண்கள் உள்ள வலையில் கம்பிகள் சாய்வாக ஓடும், நீங்களும் அதே சாய்வில் லென்ஸை நகர்த்தினால் அந்தக் கம்பி இருந்த இடத்திலேயே இருக்கும். நேராகப் பக்கவாட்டில், அல்லது நேராக மேலே நகர்த்துங்கள். அடுத்தது, மொத்த நகர்வு ஒரு கண்ணின் அகலத்துக்குள், நாலு செ.மீ.க்குள் இருக்கட்டும். சரியாக ஒரு கண் தாண்டிவிட்டால் அடுத்த கம்பி பழைய கம்பி இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை இரண்டையும் நான் செய்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து படத்திலும் மூக்கின் மேல் அதே கம்பி.

வெயில் வலை மேல் அடித்தால் உங்கள் தொப்பியையோ உடம்பையோ குறுக்கே வைத்து, லென்ஸுக்கு முன்னால் உள்ள கம்பி மேல் நிழல் விழச் செய்யுங்கள். பளபளக்கும் கம்பிதான் திரையை வெளுக்கச் செய்கிறது.

அஞ்சு படமும் இருக்கு. ஒண்ணா எப்படிச் சேர்க்கிறது?

ஹியூகின் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் கூடவே படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கட்டளை வரும். பொருத்திய பிறகு இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் நடு மதிப்பை எடுக்கச் சொல்ல வேண்டும்.

```
align_image_stack -C -m -a al_ k1.jpg k2.jpg k3.jpg k4.jpg k5.jpg
magick al_*.tif -evaluate-sequence median mudhalai.tif
```

நடு மதிப்பு என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து படத்தின் மதிப்புகளை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது. ஒரு செதிலில் மூன்று படத்தில் முதலையும் இரண்டில் வெயில் பட்ட கம்பியும் இருந்தால், கம்பி வரிசையின் கடைசிக்குப் போய்விடும், நடுவில் முதலை நிற்கும். மூன்று படத்தில் கம்பி இருந்தால் கம்பிதான் ஜெயிக்கும். சராசரி எடுக்கச் சொல்லாதீர்கள், சராசரியில் எல்லாக் கம்பியும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமாகிப் படம் முழுக்க ஐந்து வலை மங்கலாகத் தெரியும்.

ஒரு விபத்து அடிக்கடி நடக்கும். கட்டளை முதலையைப் பொருத்தாமல் வலையைப் பொருத்திவிடும், ஏனென்றால் பளிச்சென்று முனை முனையாக இருப்பது வலைதான். அப்படி நடந்தால் கம்பி கூர்மையாக நிற்கும், முதலை இரட்டை இரட்டையாகத் தெரியும். பார்த்த உடனே தெரிந்துவிடும். அப்போது கையால் பொருத்த வேண்டியதுதான். கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் ஐந்தையும் அடுக்குகளாகத் திறந்து, மேல் அடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, முதலையின் கண்ணும் மூக்குத் துளையும் ஒன்றின்மேல் ஒன்று வரும்வரை நகர்த்துங்கள்.

தண்ணீர் மட்டும் இதற்குள் அடங்காது. அலை ஐந்து படத்திலும் வேறு வேறு, நடு மதிப்பு எடுத்தால் பிசைந்த மாதிரி ஆகிவிடும். நான் முதலையை மட்டும் நடு மதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, தண்ணீரை ஏதாவது ஒரு படத்திலிருந்து வைத்து, அதிலுள்ள கம்பியைத் தனியாக அழிப்பேன். தண்ணீரில் அழிப்பது சுலபம்.

கம்பின்னு தெரியல, ஆனா படம் பட்டை பட்டையா வெளிறிக் கிடக்கு. இதுக்கு என்ன பண்றது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதில் ஊகமே வேண்டாம், கழித்தல் கணக்குதான். ஒரு நாள் காலையில் குரூப் போட்டோவுக்கு வைத்த எஃப் 10-ஐ மாற்ற மறந்து, 135 மி.மீ.யில் முதலையை எடுத்துவிட்டேன். வட்டம் 13.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டதால் 3 மி.மீ. கம்பி அதில் கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டது. முதுகு முழுக்கக் கஞ்சி ஊற்றின மாதிரிப் பட்டைகள்.

பட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் முதலை கொஞ்சம், கம்பி கொஞ்சம் கலந்த கலவை. எவ்வளவு கலந்திருக்கிறது என்று படமே சொல்லும். பட்டைக்கு வெளியே ஒரு செதில் இடுக்கின் கருப்பையும் செதில் மேட்டின் வெளிச்சத்தையும் கிம்ப்பின் நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பார்த்தேன். கருப்பு 30, வெளிச்சம் 120. பக்கத்திலேயே பட்டையின் நடுவில் அதே மாதிரி இடுக்கும் மேடும் 75, 138. வெளியே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 90, உள்ளே 63. 63-ஐ 90-ஆல் வகுத்தால் 0.7. அதாவது அங்கே முதலை பத்தில் ஏழு பங்கு, கம்பி மூன்று பங்கு. 30-இல் பத்தில் ஏழு பங்கு 21. ஆனால் உள்ளே இருப்பது 75. மீதி 54 கம்பி போட்ட வெளிச்சம்.

இனி `Colors > Levels` திறந்து உள்ளீட்டில் கருப்பு முனையை 54-க்கும், வெள்ளை முனையை 232-க்கும் கொண்டுவர வேண்டும். 232 எங்கிருந்து வந்தது? 255-இல் பத்தில் ஏழு பங்கு 178, அதோடு 54. இப்படி வைத்தால் 75 திரும்பவும் 30 ஆகும், 138 திரும்பவும் 120 ஆகும். முதல் தடவை இது நடந்ததைப் பார்த்தபோது கஞ்சி வடிந்து செதில் மேலே வந்த மாதிரி இருந்தது.

இதை நேராகப் படத்தின் மேல் செய்யாதீர்கள். அடுக்கை நகல் எடுத்து, நகல் முழுக்க இந்த மாற்றத்தைச் செய்து, அதை முழுக்க மறைக்கும்படி கருப்பு அடுக்கு முகமூடி போட்டு, மெத்தென்ற ஓரமுள்ள வெள்ளைத் தூரிகையால் பட்டை போகும் வழியில் மட்டும் தேயுங்கள். திரை நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும், மெத்தென்ற தூரிகையும் அப்படித்தான், இரண்டும் ஒத்துப்போகும். பட்டை நடுவில் சரியாகி ஓரத்தில் கருப்புக் கோடு விழுந்தால் தூரிகை அகலம் கூடிவிட்டது என்று அர்த்தம், வெளுப்புக் கோடு மிஞ்சினால் குறைந்துவிட்டது.

எல்லாப் பட்டைக்கும் ஒரே எண் போட்டால் சரிவராது. வெயில் ஒரு பக்கமாக அடிக்கும்போது இடப்பக்கம் சாய்ந்த கம்பிகள் பளபளக்கும், வலப்பக்கம் சாய்ந்தவை மங்கி நிற்கும். இரண்டு வகைக்கும் தனித்தனியாக அளந்து இரண்டு நகல் அடுக்கு வையுங்கள். இரண்டு கம்பி முறுக்கிக்கொள்ளும் முடிச்சுகளில் திரை இன்னும் கெட்டி, அங்கே மூன்றாவது. துருப்பிடித்த கம்பி என்றால் திரைக்கே பழுப்பு நிறம் இருக்கும், அப்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கருப்பு பெயிண்ட் அடித்த வலை என்றால் கொடுத்து வைத்தவர் நீங்கள், கழிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, வெள்ளை முனையை மட்டும் இறக்கினால் முடிந்தது.

எண்கள் அச்சடித்த மாதிரிப் பொருந்தாது, ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும். கணக்கு கிட்டத்தில் கொண்டுபோய் விடும், மிச்சத்தைக் கண்ணால் பார்த்து நகர்த்திக்கொள்ளுங்கள். திரை பாதிக்கு மேல் அடைத்திருந்தால் இந்த வழி வேண்டாம், செதிலைவிட இரைச்சல் புள்ளிகள்தான் அதிகம் மேலே வரும்.

என்கிட்ட ஒரே படம்தான், அதுலயும் கம்பி தெளிவா விழுந்திருக்கு. இப்ப?

சரி, இப்போது ஊகம்தான். கிம்ப்புக்கு ரீசிந்தசைசர் என்ற துணைக்கருவி இலவசமாகக் கிடைக்கும், போட்டால் `Filters > Enhance > Heal Selection` என்று வந்து உட்காரும். தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பும். போட்டோஷாப்பில் `Content-Aware Fill` அதே வேலை செய்யும்.

கம்பியைத் தேர்ந்தெடுக்க, பாதைக் கருவியால் கம்பி நெடுகப் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள், முறுக்கில் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பாதையைக் கம்பியின் அகலத்துக்குத் தனி அடுக்கில் தீட்டி, அந்தத் தீட்டலையே தேர்வாக மாற்றி, `Select > Grow` கொடுத்து 2 அல்லது 3 பிக்சல் பெரிதாக்குங்கள். இந்த இரண்டு மூன்று பிக்சலை விட்டால் கேமரா கூர்மையாக்கும்போது கம்பி ஓரத்தில் போட்ட வெள்ளை விளிம்பு மிஞ்சிவிடும். கம்பி போய்விடும், கம்பியின் ஆவி நிற்கும்.

பெரிய சிக்கல் இதற்கப்புறம். ஒரு கம்பியை மட்டும் தேர்ந்தெடுத்து நிரப்பச் சொன்னால், சுற்றிலும் தேடும் கருவி பக்கத்துக் கம்பியைக் கண்டுபிடித்து அதையே கொண்டுவந்து ஒட்டும். அழித்த இடத்தில் திரும்பக் கம்பி முளைக்கும். அதனால் அந்தப் பகுதியிலுள்ள எல்லாக் கம்பியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு நிரப்புங்கள், அப்போது நகல் எடுக்க வேறு கம்பி இருக்காது. இல்லையென்றால் சுற்றித் தேடும் அகலத்தை வலைக் கண்ணின் அகலத்தில் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

நிரப்புவதற்கு முன்னால் ஒரு வேலை. கம்பி முதலையின் வெளிக்கோட்டை எங்கெல்லாம் வெட்டுகிறதோ, அங்கெல்லாம் குளோன் கருவியால் முதலில் கையால் கோட்டை இணைத்துவிடுங்கள். முதுகின் பல் பல்லான விளிம்பு, வால், தாடைக் கோடு. இதைச் செய்யாமல் நிரப்பினால் தண்ணீர் முதுகுக்குள் வழியும், முதுகு தண்ணீருக்குள் பிதுங்கும். விளிம்பு முடிந்த பிறகு தண்ணீர், மணல் எல்லாம் கருவியிடம் விட்டுவிடலாம். முதுகில் வரிசை வரிசையாகச் செதில் இருப்பதால் கருவி ஓரளவு நன்றாகவே செய்யும், வரிசை நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் ஒரு காலண்டருக்குக் கொடுத்த படத்தில் ஒரே கீறல் விழுந்த செதில் மூன்று இடத்தில் இருந்தது. அச்சாகி வந்த பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் விரல் வைத்துக் காட்டினான்.

கண்ணு மேலயே கம்பி போகுதுங்க, கருவி கண்ணைக் கொதறிடுச்சு.

கண்ணைக் கருவியிடம் கொடுக்கவே கூடாது. முதலையின் கண்ணில் நெட்டுக்குத்தான ஒரு கரும்பிளவு, அதைச் சுற்றி மெல்லிய கோடுகள், ஒரு வெளிச்சப் புள்ளி. இதில் எது தப்பினாலும் செத்த முதலை மாதிரித் தெரியும்.

வேறு படத்தில் அதே கண் திறந்து கிடந்தால் அதிலிருந்து வெட்டி வையுங்கள். இல்லையென்றால் கம்பி கண்ணை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். கரும்பிளவின் ஒரு முனையை மட்டும் மறைத்திருந்தால் மறுமுனையை நகலெடுத்து தலைகீழாகத் திருப்பி வைக்கலாம், கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வெளிச்சப் புள்ளியை மட்டும் திருப்பாதீர்கள், சூரியன் கீழே போய்விடும். பிளவின் நடுவையே கம்பி முழுக்க மூடியிருந்தால் நான் அந்தப் படத்தை விட்டுவிடுவேன்.

எல்லாம் எடுத்தாச்சு, ஆனா பிரிண்ட்ல லேசா வலை தெரியுதே?

திரையில் தெரியாது, அச்சில் தெரியும், கொடுமை. முடித்ததும் மேலே ஒரு சோதனை அடுக்கு போடுங்கள். படத்தின் நகலை எடுத்து `Colors > Curves` திறந்து, கோட்டை எஸ் மாதிரி முரட்டுத்தனமாக வளைத்து வெளிச்ச வித்தியாசத்தை ஏற்றிவிடுங்கள். முதலை பார்க்கச் சகிக்காது, ஆனால் மிஞ்சிய வலை கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். ஒரு கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியாது, படத்தைச் சின்னதாக்கிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், நம் கண் ஒழுங்கான வரிசையைத் தூரத்திலிருந்துதான் பிடிக்கும். சோதனை அடுக்கை மறைத்துவிட்டு அந்த இடங்களைத் திருத்துங்கள்.

நிறம் சரியாக இருந்தும் பட்டை தெரிந்தால் பெரும்பாலும் மணி மணியான இரைச்சல்தான் காரணம். நிரப்பிய இடம் வழவழவென்று, சுற்றியுள்ள இடம் சொரசொரவென்று இருக்கும். நிரப்பிய இடத்துக்கு மட்டும் `Filters > Noise` போய் துளி இரைச்சல் தூவுங்கள். திரை விலக்கிய இடத்தில் நேர்மாறாக இரைச்சல் கூடியிருக்கும், அங்கே கொஞ்சம் குறைக்க வேண்டும்.

பின்னாடி மரத்து இடுக்குல வர்ற வெளிச்ச வட்டத்துக்குள்ள கோடு கோடா இருக்கே, அதுவும் வலையா?

ஆமாம். குவியத்தில் இல்லாத வெளிச்சப் புள்ளி வட்டமாக விரியும்போது, லென்ஸ் முன்னால் நிற்கும் கம்பியின் நிழலையும் சேர்த்து விரித்துக் காட்டும். இரண்டு மூன்று வட்டம் என்றால் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து `Gaussian Blur` கொடுத்தால் கோடு கரையும். பின்னணி முழுக்க வட்டமாக இருந்தால் பின்னணி மொத்தத்தையும் மங்கலாக்குவதுதான் வழி, முதலையின் ஓரத்தில் கவனம்.

போட்டிக்கு அனுப்பலாமா அண்ணா?

விதியைப் படியுங்கள். அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. என்ற புகைப்படச் சங்கம் மாதிரி அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதிப்படி வெட்டிக் குறைப்பதைத் தவிர படத்திலிருந்து எதையும் நீக்கக் கூடாது, கம்பியும் அதில் அடக்கம். காட்டுயிர்ப் பிரிவில் அடைத்து வளர்க்கும் விலங்கே செல்லாது. திரை விலக்குவது நீக்குவதா, வெறும் வெளிச்சத் திருத்தமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தொட்டுப் பார்க்காத மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டில் மாட்ட, நண்பர்களுக்கு அனுப்ப என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. "ஆத்துல எடுத்ததா?" என்று கேட்டால் மட்டும், பண்ணையில் எடுத்தது, வலையை நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடுவேன்.